‘மிகைமை’யும் ஆட்குறைப்பும்: வேலையிழப்புக் கடிதத்தின் தமிழ்

“மறுசீரமைப்பின் விளைவாகத் தாங்கள் மிகைமையான ஊழியராக இனங்காணப்பட்டுள்ளீர்கள் என்பதை வருத்தத்துடன் அறியத் தருகிறோம்.” தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் கணக்கெழுதிய ஒருவருக்கு வந்த கடிதத்தின் முதல் வாக்கியம் இது. ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கங்களில் இத்தகைய கடிதங்களை வாசித்துப் பொருள் சொல்லும் வேலை எனக்கு அடிக்கடி வாய்ப்பதால், இதே வாக்கியம் சிறு மாற்றங்களுடன் பல நிறுவனங்களிலிருந்து வருவதைப் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் எழுதி முடித்த கடிதத்தைக் கடைசி நேரத்தில் யாரிடமோ கொடுத்துத் தமிழாக்கியிருப்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. இந்த ‘மிகைமை’ என்ற சொல்லை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் ‘ரிடன்டன்சி’ எனப்படும் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. அலை என்று பொருள்படும் ‘உண்டா’ என்ற பெயர் அதன் அடியில் இருக்கிறது. நீர் அலையடித்துக் கரையைத் தாண்டி வழிவதே அதன் முதற்பொருள். அதிலிருந்து தேவைக்கு மேற்பட்டது என்ற பொருளும், பின்னர் பிரித்தானியத் தொழிற்சட்டத்தின் வழியே, செய்வதற்கு வேலை இல்லாமற்போனதால் ஒருவர் வேலை இழத்தல் என்ற பொருளும் கிளைத்தன. வரலாறாக இவ்வளவு போதும்.

மொழிபெயர்ப்பாளர் இந்த மூன்று பொருள்களுள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு, அகராதியில் கிடைத்த ‘மிகை’யோடு ஒரு ‘மை’யை ஒட்டிவிட்டார். ‘மிகை’ நல்ல தமிழ்ச் சொல்தான். அதன் இடம் வேறு. நன்னூல் நூலுக்குரிய குற்றங்களை அடுக்கும்போது ‘குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல்’ என்கிறது. எழுத்தில் தேவையின்றி நீண்டு கிடப்பதைச் சொல்ல ‘மிகை’யைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஆனால் பழைய வழக்கில் அதற்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு. நன்னூலில் அது நிற்பதே குற்றங்களின் வரிசையில்தான். ஓர் ஆளைப் பார்த்து ‘நீ மிகை’ என்று எழுதினால், தமிழ் அறிந்தவர் காதில் ‘நீ இங்கே வேண்டாதவன்’ என்றே அது விழும். கடிதம் சொல்ல வேண்டிய செய்தியோ அதுவல்ல. இரண்டு தொழிற்சாலைகளின் கணக்குகளையும் கொழும்புத் தலைமையகத்தில் ஒரே இடத்தில் எழுதப் போகிறார்கள். ஆகையால் இந்தத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் பதவி இனி இல்லை. இல்லாமற்போவது பதவி. அந்தப் பதவியில் இருந்தவர் நேற்றும் நன்றாகவே வேலை செய்தார். இந்த வேறுபாட்டைக் காட்டத் தவறும் எந்தச் சொல்லும் இக்கடிதத்துக்கு ஆகாது. ‘உபரி ஊழியர்’ என்பதும் அதே காரணத்தால் ஆகாது. உபரி என்பது அரிசிக்கும் வருமானத்துக்கும் சொல்வது.

‘மிகைமை’ பிடிக்காதவர்கள் ‘பணிநீக்கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். இது கேட்பதற்கு இயல்பாக இருப்பதாலேயே கூடுதலாகக் கெடுதல் செய்கிறது. களவு, ஒழுங்கீனம் முதலியவற்றுக்காக விசாரணை நடத்தி ஒருவரை விலக்குவதைத்தான் நம் மக்கள் பணிநீக்கம் என்று புரிந்துகொள்கிறார்கள். இலங்கைச் சட்டமும் இவ்விரண்டையும் தனித்தனியே நடத்துகிறது. வேலை முடிவுறுத்தலை ஒழுங்குபடுத்தும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், ஒழுக்காற்றுத் தண்டனையாக விலக்கப்படுபவருக்குப் பின்வரும் பாதுகாப்பைத் தருவதில்லை. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், தண்டனை அல்லாத காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன்னனுமதி வேண்டும். இரண்டும் இன்றி நிறுத்தினால் அந்த நிறுத்தம் செல்லாது. ஆகவே ‘பணிநீக்கம்’ என்ற தலைப்பைப் பார்த்து, தம்மீது ஏதோ குற்றம் சாட்டப்பட்டதாகவும் தமக்குக் கேட்க உரிமை இல்லை என்றும் எண்ணி ஒருவர் வாய்மூடிப் போனால், அந்தச் சொல் அவருடைய உரிமையையே மறைத்துவிட்டது என்றுதான் பொருள்.

இதற்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல் ‘ஆட்குறைப்பு’. தொழிற்சங்கக் கூட்டங்களிலும் செய்தித்தாள்களிலும் பல காலமாகப் புழங்குவது. குறைக்கும் செயலை நிறுவனத்தின்மேல் வைப்பது. ஆளின்மேல் குறை எதையும் சுமத்தாதது. பதவியைத் தனியே குறிப்பிட வேண்டிய இடத்தில் ‘தாங்கள் வகித்த பதவி இல்லாதொழிக்கப்படுகிறது’ என்று முழு வாக்கியமாக எழுதலாம். எல்லாவற்றையும் ஒற்றைச் சொல்லுக்குள் திணிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இதைவிடப் பெரிய குழப்பம் பணத்தைப் பற்றிய பத்தியில் இருக்கிறது. வேலை இழப்பவருக்குத் தரும் பணத்தைக் குறிக்கும் ‘செவரன்ஸ்’ என்பதைச் சிலர் ‘துண்டிப்புக் கொடுப்பனவு’ என்கிறார்கள். மின்சாரத்துக்குச் சொல்வதை மனிதருக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்பதோடு அதை விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது ‘பணிக்கொடை’ என்று எழுதுபவர்களை. பணிக்கொடை என்பது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகளாவது வேலை செய்தவர் எந்த வழியில் விலகினாலும் பெற வேண்டிய பணம். தோட்டத்தில் அதைச் ‘சேவைக்காலப் பணம்’ என்கிறோம், அந்தப் பெயரே தெளிவாகவும் இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளமும், நாட்சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட் சம்பளமும் என்பது கணக்கு. வேலையை இழந்ததற்காகத் தரப்படுவது இதற்கு வேறானது. இதற்கு மேலாக வருவது. அதற்குரிய சொல் ‘நட்டஈடு’.

மேற்சொன்ன கணக்கரையே எடுத்துக்கொள்வோம். அவருடைய மாதச் சம்பளம் 60,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஆணையாளர் நாயகம் நட்டஈட்டைத் தீர்மானிப்பதற்கு 2005இல் வர்த்தமானியில் வெளியான வாய்பாடு, சேவை ஆண்டுகளைப் பகுதிகளாகப் பிரிக்கிறது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், அதாவது பன்னிரண்டரை மாதங்கள். ஆறாம் ஆண்டு முதல் பதினான்காம் ஆண்டு வரை இரண்டிரண்டு மாதமாகப் பதினெட்டு. பதினைந்து முதல் பத்தொன்பது வரை ஒன்றரை மாதமாக ஏழரை. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு ஒவ்வொரு மாதமாக மூன்று. மொத்தம் 41 மாதச் சம்பளம், 24,60,000 ரூபா. 2021இல் உயர்த்தப்பட்ட உச்சவரம்பான இருபத்தைந்து இலட்சத்துக்கு இது சற்றே உட்பட்டது; சம்பளம் எழுபதாயிரமாக இருந்திருந்தால் வரம்பில் நின்றுவிடும். சேவைக்காலப் பணமோ இருபத்திரண்டு அரைமாதங்கள், 6,60,000 ரூபா. இந்த இரண்டையும் ‘பணிக்கொடை’ என்ற ஒரே பெயரில் எழுதி ஒரே தொகையாகக் காட்டினால், ஆறு இலட்சத்து அறுபதாயிரம் எங்கே சேர்ந்தது, அல்லது சேராமலே போனதா என்பதை வாசிப்பவர் கண்டுபிடிக்க முடியாது. கடிதத்தில் இரண்டு வரிகளாக, இரண்டு பெயர்களில், இரண்டு தொகைகள் இருக்கின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதி இவை இரண்டிலும் சேராதது. அது அவருடைய கணக்கில் ஏற்கெனவே இருக்கும் பணம். அதையும் நிறுவனம் ‘வழங்கும்’ தொகையாக எழுதியிருந்தால் அதுவும் பிழை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலே காட்டிய வாய்பாடு ஆணையாளர் நாயகம் தீர்மானிக்கும்போது பயன்படுவது. ஊழியர் தாமே சம்மதித்து விலகினால் தொகை பேச்சுவார்த்தையில் முடிவாகிறது. ஆகையால் கடிதத்தின் கீழே இருக்கும் கையொப்பப் பகுதி மிக முக்கியமானது. ஆங்கிலப் பிரதியில் கடிதம் கிடைத்ததை ஒப்புக்கொள்வதாக மட்டும் இருந்த வரி, தமிழில் ‘மேற்கூறியவற்றை ஏற்றுக்கொள்கிறேன்’ என்று மாறியிருந்ததைக் கண்டிருக்கிறேன். கடிதம் கைக்குக் கிடைத்தது என்பதற்கு இடப்பட்ட கையொப்பம், சட்டம் கேட்கும் எழுத்துமூலச் சம்மதம் என்று பின்னர் காட்டப்படலாம். ‘இக்கடிதம் கிடைத்தது’ என்பதும் ‘இதற்குச் சம்மதிக்கிறேன்’ என்பதும் தமிழில் எவருக்கும் குழப்பம் தராத இரு வாக்கியங்கள். அவற்றை ஒன்றாக்கிய மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் தெரியாது என்று சொல்ல மாட்டேன். கையொப்பமிடப் போகிறவர் யார், அதனால் அவருக்கு என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. இன்றைய அலுவலகத் தமிழாக்கத்தின் நோயே இதுதான். ஆங்கிலச் சொல்லுக்குச் சொல் கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

கடைசிப் பத்தி உதவியைப் பற்றியது. வேறு வேலை தேடுவதற்கு நிறுவனம் செய்து தரும் ஏற்பாட்டை ஒரு கடிதம் ‘வெளியமர்த்தல் உதவி’ என்றது. மலையகத்தில் இப்படி எழுதுபவர் இந்த மண்ணை அறியாதவர். இங்கே வேலையும் குடியிருப்பும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. தொழிலாளிக்கு லயம், உத்தியோகத்தருக்கு குவாட்டர்ஸ். வேலையிலிருந்து விலக்கும் ‘பற்றுச்சீட்டு’ கொடுக்கப்பட்டவர் தோட்டத்தைவிட்டே வெளியேற வேண்டியிருந்த காலத்தை மூத்தவர்கள் மறக்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் ‘வெளியமர்த்தல்’ என்ற சொல் வாசிக்கப்பட்டால், குவாட்டர்ஸை எப்போது காலி செய்ய வேண்டும் என்பதே முதற்கேள்வியாகிறது. அந்தக் கணக்கர் வீட்டிலும் அதுவே நடந்தது. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் பிரிப்பதற்கு முன்பே அவருடைய மனைவி, பிள்ளையின் பரீட்சை முடியும் வரையாவது இருக்க விடுவார்களா என்று கேட்டார். கடிதத்தில் வீட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

‘வேறு வேலை பெறுவதற்கான உதவி’ என்று எழுதினால் போதும். அந்த உதவி என்ன என்பதை, அதாவது சான்றுக் கடிதமா, பயிற்சிக் கட்டணமா, வேறு தொழிற்சாலையில் காலியாகும் இடத்துக்கு முன்னுரிமையா என்பதை, அடுத்த வரியிலேயே சொல்ல வேண்டும். அதற்கும் அடுத்த வரியில் ‘தாங்கள் குடியிருக்கும் வீட்டை இன்ன திகதி வரை பயன்படுத்தலாம்’ என்று திகதியுடன் எழுத வேண்டும்.