'மண்டை உடைந்தது' என்று எழுதுவதற்கு முன்

குழித்துறை நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அடிதடி வழக்குகளில் பாதி, தோட்டங்களின் எல்லைச் சுவரான கையாலையில் தொடங்கும். ஒரு முழம் மண்ணைக் கல் வைத்து நகர்த்தியதாகப் பேச்சு எழும், அது கைகலப்பில் முடியும். அப்படி வந்தவர்தான் ரப்பர் பால் வெட்டும் அந்த அண்ணன். முந்தின நாள் மாலை அடிபட்டு, ராத்திரி அரசு மருத்துவமனையில் இருந்துவிட்டுக் காலையில் நேராக என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். தலையில் நான்கு தையல், கையில் புகார் மனு. மனுவை எழுதிக் கொடுத்தவர் அவருடைய மைத்துனர்.

மனு இப்படி இருந்தது: "எதிரி மண்வெட்டியால் என் தலையில் வெட்டியதில் மண்டை உடைந்து, மூளையில் ரத்தம் கட்டி, உயிருக்கு ஆபத்தான நிலைக்குத் தள்ளப்பட்டேன். என் வாழைத் தோட்டத்தையும் பைக்கையும் முற்றிலும் நாசம் செய்துவிட்டார்."

அவர் பொய் சொல்லவில்லை. வீட்டில் நாம் பேசும் பேச்சில் தலைத்தோல் கிழிந்து ரத்தம் வந்தாலே 'மண்டை உடைஞ்சு போச்சு' என்போம். சதை கன்றினால் 'ரத்தம் கட்டியிருக்கு' என்போம். அதே சொற்கள் காகிதத்தில் ஏறியதும் பொருள் மாறிவிடும். மண்டை உடைந்தது என்றால் மண்டையோட்டு எலும்பு முறிந்தது என்றுதான் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் படிப்பார்கள். எலும்பு முறிவு பாரதிய நியாய சன்ஹிதா 116-வது பிரிவில் கொடுங்காயமாக வருகிறது. அதைச் சொல்ல எக்ஸ்ரேயும் டாக்டரும் வேண்டும். கண்ணால் பார்த்ததையும் உடம்பால் உணர்ந்ததையும் சொல்ல அடிபட்டவருக்கு முழு உரிமை உண்டு. உள்ளே என்ன ஆனது என்பது நிபுணரின் கருத்து, அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

"அடிச்சது மண்வெட்டிதானே சாரே, பின்ன வெட்டுக்காயம்னு எழுதினா என்ன?" என்று கேட்டார்.

"அண்ணே, இரும்புப் பக்கம் பட்டதா, கைப்பிடி பட்டதா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "மரக் கைப்பிடிதான். ஓங்கி ஒரு அடி."

இந்த இடத்தில்தான் பலருக்கும் தவறு நேர்கிறது. தலையில் தோலுக்கு அடியிலேயே எலும்பு இருக்கிறது. கம்பாலோ கல்லாலோ அடித்தால் அந்த எலும்புமேல் தோல் நசுங்கி, கத்தியால் கீறினதுபோல நேர்கோடாகப் பிளந்துவிடும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பிலும் இப்படி ஆகும். பார்க்கிறவருக்கு வெட்டுக்காயமாகத் தெரியும். டாக்டர் உற்றுப் பார்ப்பார்: ஓரம் ஒழுங்கற்று நசுங்கியிருக்கிறதா, முடியின் வேர் சிதைந்திருக்கிறதா, பிளவுக்குள் நார்போல இழைகள் பாலம் போட்டு நிற்கின்றனவா என்று. இருந்தால் கிழிந்த காயம் என்றே எழுதுவார், மழுங்கிய பொருளால் ஏற்பட்டது என்பார். மனுவில் 'வெட்டினார்' என்றிருந்து, சான்றிதழில் கிழிந்த காயம் என்றிருந்தால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புக்கு அந்த ஒரு முரண்பாடே போதும். உண்மையிலேயே அடிபட்ட ஒருவர், சாட்சிக்கூண்டில் நின்று 'வெட்டு' என்ற ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் பதில் சொல்லித் திணறியதை நான் பார்த்திருக்கிறேன். மனம் ஆறவில்லை.

சரி, பின்னே எப்படி எழுதுவது? அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எங்கே, எது பட்டது, என்ன தெரிந்தது, அப்புறம் என்ன உணர்ந்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். தலைக்காயம் இடது காதுக்கு மேலே நான்கு விரல் தள்ளி இருந்தது. இடது, வலது என்பது எப்போதும் அடிபட்டவருடைய இடது, வலதுதான். எதிரே நின்று பார்ப்பவர் எழுதினால் மாறிப்போகும். கட்டைப் பிரித்து அளக்கத் தேவையில்லை. டாக்டர் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், அளவை எழுதியிருப்பார். வாந்தி எடுத்தாரா என்று கேட்டேன், இரண்டு தடவை என்றார். 'மூளையில் ரத்தம் கட்டி' என்பதை அடித்துவிட்டு, 'அன்று இரவு இரண்டு முறை வாந்தி எடுத்தேன், எழுந்து நின்றால் தலை சுற்றியது' என்று எழுதினோம்.

கடைசியில், "வேறெங்கும் வலி உண்டா?" என்றேன். இடது கையை நீட்டினார். சுண்டுவிரல் அடியில் புடைத்து, மற்ற விரல்களைவிட ஒன்றரை மடங்கு தடித்திருந்தது. இரண்டாவது அடியைத் தடுக்கக் கையைத் தூக்கியிருக்கிறார். "இது சும்மா வீக்கம்தானே சாரே" என்றார். மனுவில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏ.ஆர். காப்பியிலும் இல்லை, ராத்திரி தலைக்காயத்தைத் தவிர வேறெதையும் அவர் டாக்டரிடம் சொல்லவில்லை.

கன்றலைப் பற்றியும் ஒரு விஷயம். அது அடிபட்ட அன்றே தெரிய வேண்டும் என்றில்லை, ஒன்றிரண்டு நாள் கழித்து மேலே வரலாம். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறமும் மாறும். நெற்றியில் அடிபட்டவருக்கு ரத்தம் கீழிறங்கிக் கண்ணைச் சுற்றிக் கறுப்பதுண்டு. அதைப் பார்த்து 'கண்ணில் குத்தினார்' என்று எழுதிவிடக் கூடாது. பார்த்த தேதியையும் நிறத்தையும் இடத்தையும் மட்டும் எழுதி வையுங்கள், போட்டோவில் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள்.

பொருள் சேதத்துக்கும் இதே கண்தான் வேண்டும். 'தோட்டம் நாசம்' என்பதை வைத்து யாரும் எதையும் கணக்கிட முடியாது. அன்று மதியமே அவருடைய மகனை அனுப்பி எண்ணச் சொன்னேன். மட்டி வாழை 11, தரையிலிருந்து சுமார் 2 அடி உயரத்தில் வெட்டப்பட்டிருந்தன, அவற்றில் 6 குலை தள்ளியவை. கையாலையில் 8 அடி நீளத்துக்குக் கல் சரிந்து கிடந்தது. பைக்கில் இடது கண்ணாடி உடைந்து, பெட்ரோல் டேங்கின் வலப்பக்கம் உள்ளங்கையளவு நசுங்கியிருந்தது. 'என்ஜின் போச்சு' என்றான் பையன். அதைச் சொல்ல வேண்டியவர் மெக்கானிக். நாங்கள் எழுதியது: 'கிக்கரை உதைத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை.' மதிப்பையும் ஏற்றிச் சொல்லாதீர்கள். சேதம் 20,000 ரூபாயைத் தொட்டால் ஒரு தண்டனை, ஒரு லட்சத்தைத் தொட்டால் அதைவிடப் பெரிய தண்டனை என்று அதே சன்ஹிதாவின் 324-வது பிரிவு பிரித்து வைத்திருக்கிறது. அதனால் அந்தத் தொகையைக் கட்டாயம் கிளறுவார்கள்.

புகாரில் எல்லா விவரமும் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. விட்டுப்போனதைப் பின்னால் வாக்குமூலத்தில் சொல்லலாம். இல்லாததைச் சொன்னால் அதை அழிப்பதுதான் கஷ்டம். டாக்டர் வாயால் ஏதாவது சொல்லியிருந்தால் 'டாக்டர் இவ்வாறு சொன்னார்' என்று அவர் பெயரிலேயே எழுதலாம், உங்கள் முடிவாக எழுத வேண்டாம்.

கடைசியில் மனுவில் ஏறிய வரிகள் இவை: "எதிரி மண்வெட்டியின் மரக் கைப்பிடியால் என் தலையின் இடது பக்கம் காதுக்கு மேல் ஒரு முறை அடித்தார். தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது. மறுபடி அடிக்க வந்தபோது இடது கையால் தடுத்தேன். அந்த அடி சுண்டுவிரலில் பட்டது. விரல் வீங்கியிருக்கிறது, மடக்க முடியவில்லை." மனுவைக் கொடுத்த கையோடு மருத்துவமனைக்குத் திரும்பிப் போய் விரலைக் காட்டச் சொன்னேன்.

மூன்றாம் நாள் போன் செய்தார். தலையில் எலும்புக்கு ஒன்றும் இல்லையாம். சுண்டுவிரலின் அடி எலும்பில் முறிவு என்று எக்ஸ்ரே பார்த்த டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதத்தின் நகலோடு காவல் நிலையத்தில் ஒரு கூடுதல் மனு கொடுத்தோம். அதில் இரண்டே வரி: "என் புகாரில் வீங்கியிருப்பதாகச் சொன்ன இடது சுண்டுவிரலுக்கு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. டாக்டரின் அறிக்கையை இத்துடன் இணைத்துள்ளேன்."