ஓவர்டைம் காசு எந்த வேலையின் தலையில் விழவேண்டும்? பிறையிலிருந்து ஒரு கூலிக் கணக்கு

பினாங்கின் பிறைத் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் மூடிகள் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் நான் கூலிக் கணக்கு பார்த்தபோது ஒரு சீட்டு என்னை நிறுத்தியது. ஓப்பரேட்டர் அக்கா ஒருவரின் பஞ்ச் கார்டில் அன்று 7.5 மணி இருந்தது. எந்த வேலைக்கு எத்தனை மணி என்று அவர் எழுதிக்கொடுத்த வேலைச் சீட்டுகளைக் கூட்டினால் அதுவும் மிகச் சரியாக 7.5 மணி. ஆனால் அன்று காலை அவருடைய இயந்திரத்தில் அச்சு மாற்ற 40 நிமிடம் ஆனதை நானே பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன். பழைய அச்சைக் கிரேனில் தூக்கி இறக்கி, புதியதைப் பூட்டி, தண்ணீர்க் குழாய்களை மாட்டும் வரை அக்கா ஓரமாகத்தான் நின்றுகொண்டிருந்தார்.

"சும்மா நின்னேன்னு எழுதினா சூப்பர்வைசர் ஏசுவாரு தம்பி. அதான் மூடி வேலையிலேயே சேர்த்து எழுதிட்டேன்" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. ஆனால் அந்த 40 நிமிடக் கூலி இப்போது மூடியின் விலைக்குள் போய்விட்டது. மூடி வார்க்க இவ்வளவு நேரம் ஆகும் என்று அடுத்த முறை விலை சொல்பவரும் நம்பிவிடுவார். ஆள் நின்றுகொண்டிருந்த நேரத்துக்கும், ஓவர்டைமின் கூடுதல் காசுக்கும், ஆட்கள் வந்து போவதால் ஆகும் செலவுக்கும் கணக்கில் தனித்தனி இடம் உண்டு. எந்த இடம் என்பதை முடிவு செய்வது, அந்தச் செலவு ஏன் வந்தது என்ற காரணம்.

ஒரு மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் எளிதாக இருக்கும்படி நானே அமைத்தவை. கணக்குப் போடும் முறை தொழிற்சாலையில் நடப்பதுதான். ஒரு பிரிவில் 10 பேர். ஆளுக்கு மாதச் சம்பளம் 1,950 ரிங்கிட். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் நாள் கூலி: 75 ரிங்கிட். வாரத்துக்கு 45 மணிதான் உச்சம் என்பது 2023 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் 48. ஆறு நாள் வேலை என்றால் நாளுக்கு 7.5 மணி. ஆக ஒரு மணிக்கு 10 ரிங்கிட். சாதாரண நாளில் ஓவர்டைம் செய்தால் குறைந்தது ஒன்றரை மடங்கு, அதாவது 15 ரிங்கிட் கொடுக்க வேண்டும்.

இந்த 15ஐ இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். முதல் 10 ரிங்கிட், அந்த மணியில் அவர் செய்த வேலைக்கான சாதாரணக் கூலி. மீதி 5 ரிங்கிட், மணி தாண்டியதற்கான கூடுதல். காலை பத்து மணிக்கு வார்த்த மூடிக்கும் மாலை ஆறு மணிக்கு வார்த்த மூடிக்கும் உழைப்பு ஒன்றுதான். அந்த 5 ரிங்கிட்டைத் தனி வரியில் வைக்க இன்னொரு காரணமும் உண்டு. மலேசியத் தொழிலாளிக்கு ஓவர்டைம் காசில் இ.பி.எஃப். சேமநிதி கட்ட வேண்டியதில்லை, ஆனால் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கு அது சம்பளத்தோடு சேரும். எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் போட்டால் அங்கேயும் தடுமாறுவோம். கணக்கு நீளாமல் இருக்க, இந்தச் சந்தாக்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

அந்த மாதம் பத்துப் பேரும் சேர்ந்து சாதாரண நேரம் 1,950 மணி, ஓவர்டைம் 200 மணி. கூலி 19,500 ரிங்கிட், ஓவர்டைம் 3,000. மொத்தம் 22,500 ரிங்கிட். கதவு வழியாக உள்ளே வந்த மணி 2,150. ஆனால் நேர்மையாக எழுதப்பட்ட வேலைச் சீட்டுகளைக் கூட்டினால் 1,930 மணிதான் வருகிறது. மீதி 220 மணி ஆட்கள் இருந்தும் வேலை நடக்காத நேரம்.

இந்த 220ஐ அப்படியே ஒரே பையில் போடக்கூடாது. அதில் 160 மணி, அச்சு மாற்றுவதற்கும், நிறம் மாற்றும்போது பழைய பிளாஸ்டிக்கைத் தள்ளி வெளியேற்றுவதற்கும், ஷிப்டு கைமாறுவதற்கும் போனது. எவ்வளவு நன்றாக நடத்தினாலும் இது இருக்கும். இதைச் சாதாரண வீண் நேரம் என்கிறோம். இதன் கூலி 1,600 ரிங்கிட், உற்பத்தி மேற்செலவில் சேர்ந்து எல்லா வேலைக்கும் பங்காகும். மற்ற 60 மணி வேறு கதை. ஒரு நாள் மின்தடை வந்து பத்துப் பேரும் ஆறு மணி நேரம் நின்றார்கள். அந்த 600 ரிங்கிட்டை எந்த மூடியின் மேலும் ஏற்ற முடியாது. அது நேராக லாப நட்டக் கணக்குக்குப் போகும். வழக்கத்துக்கு மாறாக வீணான உழைப்பைச் சரக்கிருப்பின் மதிப்பில் சேர்க்கக்கூடாது என்று எம்.எஃப்.ஆர்.எஸ். 102 கணக்கியல் தரமும் சொல்கிறது.

சிலர் சாதாரண வீண் நேரத்தை மேற்செலவில் போடாமல் மணிக்கூலியையே சற்று ஏற்றிவிடுவார்கள். அதுவும் ஏற்கத்தக்க முறைதான். எனக்கு மேற்செலவில் தனியாக வைப்பதே பிடிக்கும். ஏற்றிய கூலிக்குள் போய்விட்டால், 160 மணி அடுத்த மாதம் 210 ஆனாலும் யார் கண்ணிலும் படாது.

எது வழக்கம், எது விதிவிலக்கு என்பதில்தான் சண்டையே வரும். மின்தடையையே பாருங்கள். வெறும் நொடிப்பொழுது மின்னழுத்தம் விழுந்தாலே இயந்திரம் நின்றுவிடும். சூடு சரியாகி, கெட்ட பிளாஸ்டிக்கைத் தள்ளி, நல்ல மூடி வர நேரம் பிடிக்கும். இது மாதம் தவறாமல் நடக்கிறது என்றால் அதை ஒவ்வொரு முறையும் விதிவிலக்கு என்று எழுதுவது தப்பு. அது அந்தத் தொழிற்சாலையின் சாதாரணச் செலவுதான், விலைக்குள் இருக்க வேண்டும். லாப நட்டக் கணக்கில் மாதாமாதம் ஒரே காரணம் திரும்பி வந்தால், விலை சொல்பவர் குறைவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று பிடித்துவிடலாம்.

அப்புறம் ஓவர்டைம். 200 மணிக்கு, மணிக்கு 5 ரிங்கிட் வீதம் 1,000 ரிங்கிட் கூடுதல். பல இடங்களில் மாலை நான்கு மணிக்குப் பிறகு இயந்திரத்தில் எந்த வேலை ஓடியதோ அதன் தலையில் இதைக் கட்டிவிடுவார்கள். இது பெரிய அநியாயம். மூடி வேலை காலையில் வந்தது, பெட்டி வேலை மாலைக்குத் தள்ளப்பட்டது என்பதற்காகப் பெட்டிக்கு ஏன் செலவு கூட வேண்டும்? நாளைக்கு வரிசையை மாற்றி ஓட்டினால் மூடிக்கல்லவா ஏறும்?

எங்கள் மாதத்தில் 80 மணி, ஒரு வாடிக்கையாளர் சரக்கை ஒரு வாரம் முன்னதாகக் கேட்டு, கூடுதல் காசும் தருவதாக ஒப்புக்கொண்டதால் வந்தது. அதன் 400 ரிங்கிட் நேராக அவர் வேலைக்குப் போகும். 90 மணி, பொதுவாகவே ஆர்டர் நிறைய இருந்ததால் வந்தது. எந்த ஒரு வேலையும் இதற்குத் தனியாகக் காரணமில்லை. ஆகவே 450 ரிங்கிட் மேற்செலவுக்கு. மீதி 30 மணி, மின்தடையில் விட்டதைப் பிடிப்பதற்காகச் செய்தது. அந்த 150 ரிங்கிட், மின்தடையின் பின்னாலேயே லாப நட்டக் கணக்குக்குப் போகும். ஒருவேளை பராமரிப்புப் பிரிவின் கவனக்குறைவால் இயந்திரம் நின்று ஓவர்டைம் வந்திருந்தால், அந்தப் பிரிவின் கணக்கில் எழுதிக் காட்ட வேண்டும்.

மூன்றாவது, ஆட்கள் விட்டுப் போவது. இந்தப் பிரிவில் ஆண்டுக்கு மூன்று பேர் போவது வழக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பதில் ஆள் எடுக்க விளம்பரமும் மருத்துவப் பரிசோதனையும் 100 ரிங்கிட். பழகிய ஒருவர் 20 மணி பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் 200. கெட்டுப்போன பிளாஸ்டிக் 140. புதியவர் முதல் இரண்டு வாரம், அதாவது 90 மணி, பழகியவர் செய்வதில் 60 விழுக்காடுதான் செய்வார். வீணாகும் 36 மணிக்கு 360 ரிங்கிட். ஆக ஒருவருக்கு 800, ஆண்டுக்கு 2,400, மாதத்துக்கு 200 ரிங்கிட். வழக்கமான அளவு என்பதால் இது மேற்செலவுக்குப் போகும். யாரும் போகாத மாதத்திலும் அடக்கவிலைக் கணக்கில் இந்தப் பங்கைச் சேர்த்துக்கொள்வோம். திடீரென்று எட்டுப் பேர் ஒன்றாகக் கிளம்பிவிட்டால், வழக்கத்துக்கு மேலான ஐந்து பேரின் செலவை விலையில் ஏற்றாமல் லாப நட்டத்தில் காட்ட வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நானும் இதில் விழப் பார்த்தேன். புதியவரின் மெதுவான நேரம் பெரும்பாலும் வேலைச் சீட்டிலேயே ஏறியிருக்கும். 54 மணி வேலைக்கு 90 மணி என்று எழுதியிருப்பார். அதை அப்படியே விட்டுவிட்டு மேற்செலவிலும் 360 ரிங்கிட் சேர்த்தால் ஒரே காசு இரண்டு முறை எண்ணப்படும். பழகுநர் சீட்டில் 54 மணியை வேலைக்கும் 36ஐப் பயிற்சிக்கும் பிரித்து எழுதினால்தான் கணக்கு நிற்கும்.

சரி, கூட்டிப் பார்ப்போம். மேற்செலவு 1,600, 450, 200 சேர்ந்து 2,250 ரிங்கிட். இதை 1,930 மணிக்குப் பங்கிட்டால் மணிக்கு 1.17. உண்மையில் ஒரு வேலை மணியின் விலை 11.17 ரிங்கிட். பிரிக்காமல் மொத்தக் கூலி 22,500ஐயும் ஆட்கள் விட்டுப் போகும் செலவு 200ஐயும் சேர்த்து வகுத்திருந்தால் 11.76 வந்திருக்கும். ஐம்பத்தொன்பது சென்தானே என்று தோன்றும். அவசரம் கேட்டவரின் வேலை 300 மணி என்று வையுங்கள். சரியான கணக்கில் அதற்கு 3,351, அவருடைய ஓவர்டைம் 400 சேர்ந்து 3,751 ரிங்கிட். சராசரிக் கணக்கில் 3,528தான். அவருக்கு 223 ரிங்கிட் குறைத்துக் காட்டுகிறோம். அவசரப்படாமல் வருடக்கணக்காக வரும் இன்னொருவரின் வேலை 500 மணி. அவருக்கு 5,585க்குப் பதில் 5,880. மின்தடைக்கும் அடுத்தவர் அவசரத்துக்கும் சேர்த்து அவர் 295 ரிங்கிட் சுமக்கிறார். பக்கத்துத் தொழிற்சாலை குறைந்த விலை சொன்னால் முதலில் கிளம்பப்போவது அவர்தான்.

இவ்வளவுக்கும் அடிப்படை அந்த வேலைச் சீட்டு. அதனால் சீட்டில் இரண்டு கட்டங்களைச் சேர்த்தோம். நின்ற நேரத்துக்கு ஒன்று, அதன் காரணத்துக்கு ஒன்று. காரணத்தை எழுத வேண்டாம், குறியீட்டு எண் போட்டால் போதும். 1 அச்சு மாற்றம், 2 பொருள் வரவில்லை, 3 இயந்திரப் பழுது, 4 மின்சாரம். 1, 2 என்று எழுதியதற்காக யாரையும் ஏசக்கூடாது என்று சூப்பர்வைசரிடமும் பேசி ஒப்புக்கொள்ள வைத்தோம். முதல் வாரம் யாரும் எழுதவில்லை. இரண்டாவது வாரம் அதே அக்காவின் சீட்டில் பென்சிலில் இருந்தது: 40 நிமிடம், 1. அதற்குக் கீழே இன்னொரு வரி: 55 நிமிடம், 2. பொருள் வராமல் பகலில் அத்தனை நேரம் நின்றவர், அன்றைக்கே மாலையில் ஒரு மணி நேரம் ஓவர்டைமும் செய்திருந்தார். அன்று மாலையே அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஸ்டோர் பக்கம் போனேன்.