கணக்கு எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறினால், பணம் யாருடையது?

திருப்பூரில் சின்ன அளவில் பனியன் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் அம்மா ஒருவர் 2024 ஆகஸ்ட் மாதம் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். சாயப்பட்டறைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி 1,85,000 ரூபாயை வெள்ளிக்கிழமை மாலை நெஃப்ட் மூலம் அனுப்பியிருக்கிறார். கணக்கு எண்ணைத் தட்டச்சு செய்யும்போது 47 என்பது 74 ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை பட்டறைக்காரர் போன் போட்டு, "பணம் எங்கே?" என்று கேட்ட பிறகுதான் அவருக்கு விஷயமே தெரிந்திருக்கிறது.

இல்லாத கணக்கு எண்ணைப் போட்டிருந்தால் பணம் தானாகவே திரும்பி வந்திருக்கும். 74 போட்ட எண்ணில் நிஜமாகவே ஒருவருக்குக் கணக்கு இருந்தது, அதுதான் சிக்கல். பெயர் என்ற இடத்தில் பட்டறையின் பெயரைத்தான் சரியாக எழுதியிருந்தார். ஆனால் நெஃப்டில் பணம் பெறுபவரின் கணக்கு எண்ணை மட்டும் பார்த்தே வரவு வைப்பார்கள், பெயர் பொருந்துகிறதா என்று பார்க்க மாட்டார்கள். (பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டுக்கும் 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது இவர் அனுப்பியதற்குப் பிறகு.)

தன் வங்கிக் கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்தார். அவர்கள் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் அனுப்பினார்கள். அந்தக் கிளை கணக்குதாரரை அழைத்துப் பேசியது. அவர் வேறு மாவட்டத்துக்காரர். பணம் வந்ததை அவர் மறுக்கவில்லை. "அந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது. எழுத்துப் பத்திரம் ஏதாவது இருக்கா? எதுவும் இல்லாம நான் ஏன் கொடுக்கணும்?" என்று கேட்டிருக்கிறார். கணக்குதாரர் சம்மதிக்காமல் நாங்கள் கணக்கிலிருந்து எடுக்க முடியாது என்று வங்கியும் சொல்லிவிட்டது. வங்கி சொன்னது சரிதான். தவறு வாடிக்கையாளருடையது, வங்கியுடையது அல்ல. வங்கி ஊழியரே எண்ணை மாற்றிப் போட்டிருந்தால் கதை வேறு.

என்னிடம் வந்தபோது அவர் அழுதுகொண்டே கேட்ட முதல் கேள்வி, "அக்ரிமென்ட் எதுவும் இல்லையே சார், கேஸ் நிக்குமா?" என்பதுதான். இந்தக் கேள்வி என்னிடம் பலமுறை வந்திருக்கிறது. கேட்ட பலர் அதோடு முயற்சியை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஐந்தாம் அத்தியாயம் என்று ஒன்று இருக்கிறது. ஒப்பந்தம் இல்லை, ஆனால் ஒப்பந்தம் உண்டாக்கும் கடமையைப் போன்ற கடமை இருக்கிறது என்னும் உறவுகளைப் பற்றியது அது. அதில் 72-ஆம் பிரிவு ஒரே வாக்கியம்: தவறுதலாகவோ வற்புறுத்தலாலோ யாரிடம் பணம் கொடுக்கப்பட்டதோ, அல்லது பொருள் ஒப்படைக்கப்பட்டதோ, அவர் அதைத் திருப்பித் தர வேண்டும். சட்டமே ஓர் உதாரணமும் சொல்கிறது. இரண்டு பேர் சேர்ந்து மூன்றாமவருக்கு நூறு ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள். ஒருவர் கொடுத்துவிட்டார். அது தெரியாமல் மற்றவரும் நூறு ரூபாய் கொடுக்கிறார். இரண்டாவது நூறு ரூபாயை வாங்கியவர் திருப்பித் தந்தாக வேண்டும். "திருப்பித் தருகிறேன்" என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை என்பதே கடமைக்குப் போதுமான காரணம்.

ஆகவே "பத்திரம் இருக்கா?" என்ற கேள்வியே இங்கே பொருந்தாது. நிரூபிக்க வேண்டியவை வேறு. பணம் என்னிடமிருந்து போனது, அந்தக் கணக்குக்குச் சேர்ந்தது, தவறுதலாகப் போனது, அவருக்கு நான் எதுவும் தர வேண்டியதில்லை. முதல் இரண்டுக்கும் வங்கி அறிக்கையும், ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் யு.டி.ஆர். எண்ணும் போதும். தவறுதல் என்பதைக் காட்ட, பட்டறையின் பில், பட்டறையின் சரியான கணக்கு எண், அதே பட்டறைக்கு முந்தைய மாதங்களில் அனுப்பிய வரவு செலவு ஆகியவற்றை எடுத்துவரச் சொன்னேன். இரண்டு எண்களையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக எழுதி வைத்தபோது, 47-ம் 74-ம் மட்டுமே மாறியிருப்பது யார் பார்த்தாலும் தெரிந்தது.

கவனக்குறைவாக அனுப்பியது அவர் தப்புதானே என்று கேட்கலாம். கேட்டார்கள். அனுப்பியவரின் கவனக்குறைவு வாங்கியவருக்கு உரிமை தராது. இது பழைய கோட்பாடு. 1841-இல் இங்கிலாந்தில் கெல்லி எதிர் சொலாரி என்ற வழக்கில், பிரீமியம் கட்டாமல் காலாவதியான பாலிசி என்பதை மறந்துபோய் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் இயக்குநர்கள் பணம் கொடுத்துவிட்டார்கள். சற்றுக் கவனமாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதற்காகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை போய்விடாது என்றது நீதிமன்றம். நம் நாட்டில் சட்டம் பற்றிய தவறான புரிதலால் கொடுத்த பணத்துக்கும் 72-ஆம் பிரிவு பொருந்தும் என்று 1958-இல் உச்ச நீதிமன்றம் விற்பனை வரி வழக்கொன்றில் தீர்ப்புச் சொன்னது. அதாவது "தவறு" என்ற சொல்லைச் சட்டம் சுருக்கிப் படிப்பதில்லை.

ஆனால் எல்லை இருக்கிறது. உண்மையிலேயே கடன்பட்டிருந்தவருக்குக் கொடுத்துவிட்டு, "புரோநோட்டுக் காலாவதி ஆனது தெரியாமல் கொடுத்துவிட்டேன்" என்று திரும்பக் கேட்க முடியாது. காலாவதியானாலும் கடன் கடன்தான், வழக்குப் போடும் வழிதான் அடைபட்டிருக்கிறது. தர வேண்டியதில்லை என்று தெரிந்தே பிரச்சினை தீரட்டும் என்று கொடுத்ததும் தவறுதல் ஆகாது.

இந்த வழக்கில் எனக்கு மிகவும் கவலை தந்தது வேறொன்று. அந்த அம்மாவின் உறவினர் ஒருவர், "கைமாத்தா கொடுத்தேன்னு எழுதிக் கொடுங்க, அப்பத்தான் போலீஸ் கூப்பிடும்" என்று யோசனை சொல்லியிருந்தார். இன்னொருவர் 1930-க்கு அழைத்து மோசடி என்று புகார் பதியச் சொன்னார். இரண்டையும் செய்ய வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். 1930 சைபர் நிதி மோசடிக்கான எண். இங்கே யாரும் அவரை ஏமாற்றவில்லை. கைமாத்து என்று ஒருமுறை எழுதிவிட்டால், பிறகு "தவறுதலாக அனுப்பினேன்" என்று சொல்லும் உங்கள் வார்த்தையை உங்கள் கையெழுத்தே பொய்யாக்கும். கடன் என்றால் முன்பின் தெரியாத ஆளுக்கு எப்படிக் கொடுத்தாய் என்ற கேள்விக்கும் பதில் இருக்காது. முதல் கடிதத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் இந்த வகை வழக்கின் முதுகெலும்பு.

காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும், விசாரணைக்கு அழைப்பார்கள், அதில் சிலர் பணத்தைத் தந்துவிடுவதும் உண்டு. தவறுதலாக வந்தது என்று தெரிந்த பிறகும் நேர்மையின்றித் தன் உபயோகத்துக்கு எடுத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா 314-ஆம் பிரிவின் கீழ் குற்றமாகலாம். ஆனால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் அல்ல அது. அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

சரி, நோட்டீஸ் அனுப்புவோம் என்றால் யாருக்கு அனுப்புவது? வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் வங்கி தராது. அதனால் வங்கிக் கிளைக்கே அனுப்பினேன், கணக்குதாரரிடம் சேர்க்கும்படி கேட்டு. 72-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, 15 நாள் கெடு வைத்து, நோட்டீஸ் தேதியிலிருந்து வட்டியும் கோருவோம் என்று எழுதினேன். வட்டியைப் பற்றிய அந்த ஒரு வரி அவசியம். ஒப்பந்தம் இல்லாததால் வட்டி விகிதம் பேசியிருக்க மாட்டோம். 1978-ஆம் ஆண்டு வட்டிச் சட்டப்படி, எழுத்து மூலம் வட்டி கேட்ட தேதியிலிருந்து நீதிமன்றம் வட்டி தரலாம். கணக்கில் மீதி இருப்பதை நிறுத்திவைக்கும்படியும் வங்கியைக் கேட்டோம்.

கெடு முடிந்தும் பதில் இல்லை. நேராக உரிமையியல் வழக்குப் போட்டிருக்கலாம். நான் முதலில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வழக்குக்கு முந்தைய மனுவாக, வங்கியையும் கணக்குதாரரையும் எதிர்மனுதாரர்களாகக் காட்டிக் கொடுத்தேன். அதற்குக் கட்டணம் கிடையாது. வங்கிக்கு அழைப்பு போனதும் வங்கி அதிகாரி கணக்கு விவரத்தோடு வந்தார், கணக்குதாரரும் வந்தார்.

அப்போதுதான் படம் முழுதாகத் தெரிந்தது. 1,85,000 வந்த மறுவாரமே அவருடைய வாகனக் கடன் தவணை 38,400 ரூபாயைக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்திருக்கிறார்கள். 60,000 அவர் எடுத்துச் செலவு செய்திருக்கிறார். மீதி 86,600 நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. "60,000 நான் எடுத்தேன், ஒத்துக்கிறேன். தவணையை நான் எடுக்கலையே, ஃபைனான்ஸ்காரன்தானே எடுத்தான்?" என்றார். அவர் பொய் பேசவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார். தவணை கட்டியதால் குறைந்தது யாருடைய கடன் என்று, ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்ற அமர்விலிருந்த நீதிபதி கேட்டார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் கடன்தான்" என்றார்.

சமரசம் இப்படி முடிந்தது. நிறுத்திவைத்த 86,600 உடனே அம்மாவின் கணக்குக்கு. மீதி 98,400 மாதம் 16,400 வீதம் ஆறு தவணை. வட்டியை அம்மா விட்டுக்கொடுத்தார். ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் வட்டியோடு உடனே தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தோம். மக்கள் நீதிமன்றத்தில் வாங்கும் அந்த உத்தரவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு இல்லை, தவறினால் நேராக நிறைவேற்று மனு போடலாம். அந்த ஆள் வராமலே இருந்திருந்தால் வழக்குதான் போட்டிருப்போம். அதற்குக் காலவரையறை மூன்று ஆண்டு. தவறு தெரியவந்த நாளிலிருந்து எண்ண 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் பணம் போன நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளும்படிதான் நான் எப்போதும் சொல்வேன். முயன்றிருந்தால் எப்போது தெரிந்திருக்கும் என்ற வாதத்தில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

ஒன்றை அந்த அம்மாவிடம் முதல் நாளே சொல்ல வேண்டியிருந்தது, சொல்லக் கஷ்டமாகவும் இருந்தது. வேறொருவருக்குப் பணம் போனதால் சாயப்பட்டறையின் கடன் தீரவில்லை. பட்டறைக்காரர் காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நகையை அடகு வைத்துப் பட்டறைப் பாக்கியைக் கட்டினார். ஆறாவது தவணை வந்த மாதம் அந்த நகையை மீட்டார்.

இனி, உங்கள் கணக்கில் யாருடைய பணமோ வந்து விழுந்தால் என்ன செய்வது? யாராவது போன் செய்து, "தப்பா அனுப்பிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்க" என்றால் அனுப்பாதீர்கள். அழைப்பவர்தான் அனுப்பியவர் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அந்தப் பணமே வேறொருவரிடம் ஏமாற்றிப் பறித்ததாக இருக்கலாம். அந்தத் தொகையைத் தொடாமல், உங்கள் வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு வங்கி வழியாகவே திருப்பிவிடச் சொல்லி, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.