‘துல்லியம்’ அல்ல, ‘குறித்தன்மை’

“இந்த எதிர்ப்பொருள் மிகத் துல்லியமானது.” ஒரு மூலக்கூறைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் புரதமான எதிர்ப்பொருளைக் கொண்டு, இரத்தம் போன்ற மாதிரியில் அந்த மூலக்கூறு எவ்வளவு என்று அளக்கும் எலைசா சோதனை பற்றிய தமிழ்க் கையேடுகளிலும் விளக்கவுரைகளிலும் இந்த வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஆங்கில மூலத்தில் இருப்பது ‘ஸ்பெசிஃபிசிட்டி’, அதாவது தேடும் பொருளை மட்டுமே பிடிக்கும் தன்மை. அதற்குத் ‘துல்லியம்’ என்று எழுதுவது பிழை. எலைசா முடிவு பொய்த்துப்போகும் வழிகளில் மிக மோசமான ஒன்றை வாசகர் காணாதபடி இது மறைத்துவிடுகிறது. ஆகவேதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் ‘ஸ்பெகெரே’ என்றால் பார்த்தல். அதிலிருந்து தோற்றம், வகை என்னும் பொருளில் ‘ஸ்பெகியேஸ்’ வந்தது. ஒன்றை ஒரு வகையாகப் பிரித்துக் காட்டுவது ‘ஸ்பெசிஃபிக்’ ஆயிற்று. ‘துல்லியம்’ வடமொழி ‘துல்ய’ என்பதன் வழி வந்தது. ‘துலா’ என்னும் தராசோடு உறவுடைய அச்சொல்லுக்கு ஒப்பு, சமம் என்பவையே முதற்பொருள். ஆக, ஒன்று வகை பிரிக்கும் சொல், மற்றது ஒப்புமை காட்டும் சொல். ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் என்ன கெடும் என்பதை ஒரு தட்டைப் படித்தே காட்டுகிறேன்.

எலைசா தட்டில் எட்டு வரிசை, பன்னிரண்டு நிரல், ஆக 96 குழிகள். ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் 1971-இல் வெளியிட்ட இந்த முறை இன்று பல வடிவங்களில் புழங்குகிறது. நான் எடுத்துக்கொள்வது ‘சாண்ட்விச்’ வகை. குழியின் அடியில் ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருள், தேடும் பொருளைப் பிடித்து வைக்கிறது. நொதி இணைக்கப்பட்ட இன்னொரு எதிர்ப்பொருள் அதன் மேல் வந்து அமர்கிறது. ஒட்டாதவற்றைக் கழுவி நீக்கிவிட்டு டி.எம்.பி. என்னும் சாயப்பொருளை ஊற்றினால் நொதி அதை நீலமாக்கும். அமிலம் சேர்த்து வினையை நிறுத்தினால் நீலம் மஞ்சளாகும். அந்த மஞ்சளின் ஒளியடர்த்தியை 450 நானோமீட்டரில் கருவி அளக்கிறது. கருவி நமக்குத் தருவது இந்த நிறத்தின் அளவை மட்டுமே. நிறத்தை உண்டாக்கியது எந்த மூலக்கூறு என்பது அதற்குத் தெரியாது.

நிறத்தை அளவாக மாற்றத்தான் திட்ட வளைகோடு. கர்ப்பத்தைக் காட்டும் எச்.சி.ஜி. ஹார்மோனுக்கான சோதனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. மில்லிலிட்டருக்கு 0, 5, 20, 50, 100, 200 மில்லி அலகு எச்.சி.ஜி. கொண்ட திட்டக் கரைசல்கள் முறையே 0.06, 0.14, 0.38, 0.80, 1.35, 2.05 ஒளியடர்த்தி காட்டுகின்றன. இவற்றின் வழியே வளைகோடு வரைகிறோம். செறிவை மடக்கை அளவில் வைத்து வரைந்தால் இது சாய்ந்த ‘எஸ்’ வடிவத்தின் ஒரு பகுதியாக வரும். ஆகவே முழு நீளத்துக்கும் நேர்கோடு பொருத்துவது தவறு. நான்கு அளவுரு கொண்ட வளைவையே பொருத்துவது வழக்கம். கடைசித் திட்டக் கரைசலுக்கு மேல் போகும் மாதிரியை நீர்த்து மறுபடி அளக்க வேண்டும். கோட்டை நீட்டி விடை சொல்லக் கூடாது.

இப்போது ஒரு மாதிரி. வயதாகி மாதவிடாய் நிரந்தரமாக நின்றுவிட்ட ஒரு பெண்ணின் சீரம். இரண்டு குழிகளில் 0.25, 0.27 என்று வருகிறது. சராசரி 0.26. வளைகோட்டில் அது ஏறத்தாழ 12 மில்லி அலகு. வழக்கமான அளவுகோலின்படி 5-க்குக் கீழ் கர்ப்பம் இல்லை, 25-க்கு மேல் உண்டு, இடைப்பட்டது ஐயத்துக்குரியது. அந்தப் பெண்ணுக்குக் கர்ப்பம் இருக்க வழியில்லை. அப்படியானால் 12 எங்கிருந்து வந்தது?

மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி: “இரண்டு குழிகளும் ஒத்துப்போகின்றனவே, அளவு எப்படித் தவறாகும்?” ஒத்துப்போவது பிப்பெட் ஒழுங்காக அளந்து ஊற்றியது, கழுவல் சீராக இருந்தது என்பதற்குச் சான்று. அதற்கு மேல் எதற்கும் சான்றில்லை. ஒரே தவறான மூலக்கூறு இரண்டு குழிகளிலும் சம அளவில் ஒட்டினாலும் எண்கள் ஒத்துத்தான் போகும்.

இரண்டாவது கேள்வி: “வளைகோடு அழகாகப் பொருந்தியிருக்கிறதே?” பொருந்தும். திட்டக் கரைசலில் இருப்பது தூய எச்.சி.ஜி. வேறு எதுவும் அதில் இல்லை. வேறு பொருள் வந்தால் எதிர்ப்பொருள் என்ன செய்யும் என்று அந்த வளைகோட்டிடம் நாம் கேட்கவே இல்லை. அது எப்படிப் பதில் சொல்லும்?

“நீர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?” என்பது மூன்றாவது. மாதிரியைப் பாதியாக நீர்த்தால் 6 வருகிறது. இரண்டால் பெருக்கினால் மறுபடி 12. சில குறுக்கீடுகளை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். ஆனால் தேடும் பொருளைப் போலவே நடந்துகொள்ளும் உறவுமூலக்கூறு இதிலும் தப்பிவிடலாம். இங்கே தப்பிவிட்டது.

குற்றவாளி எல்.எச். என்னும் பிட்யூட்டரி ஹார்மோன். எச்.சி.ஜி., எல்.எச்., எஃப்.எஸ்.எச்., டி.எஸ்.எச். ஆகிய நான்கு ஹார்மோன்களும் இரண்டு சங்கிலிகளால் ஆனவை. ஆல்ஃபா சங்கிலியின் அமினோ அமில வரிசை நான்குக்கும் ஒன்றே. பீட்டா சங்கிலிதான் ஆளுக்கு ஆள் வேறு. நம் சோதனையின் எதிர்ப்பொருள்கள் பெரிதும் ஆல்ஃபா சங்கிலியைப் பிடிப்பவையாக இருந்தால், எல்.எச். வந்தாலும் அவை பிடித்துக்கொள்ளும். மாதவிடாய் நின்றபின் எல்.எச். உயர்ந்திருக்கும் என்பது தெரிந்ததே. இதை உறுதிசெய்யும் வழி எளிது. எச்.சி.ஜி. இல்லாத சீரத்தில் தூய எல்.எச்.-ஐ மில்லிலிட்டருக்கு 200 மில்லி அலகு கலந்து அதே தட்டில் வைக்க வேண்டும். அது 40 என்று படித்தால், வேறு பொருளைத் தவறாகப் பிடிக்கும் குறுக்கு வினை 20 விழுக்காடு. அந்தப் பெண்ணின் எல்.எச். 60 ஆக இருந்திருந்தால், அதில் 20 விழுக்காடு சரியாக 12.

இப்போது சொல்லுக்கு வருவோம். இந்தச் சோதனையில் எது கெட்டது? மீள அளந்தால் மாறாத எண் வருகிறது. அந்த வகையில் இது துல்லியமான சோதனைதான். தூய எச்.சி.ஜி.-ஐ வைத்தால் உண்மை அளவையே காட்டும். அந்த வகையிலும் துல்லியமே. கெட்டது, எதைப் பிடிக்க வேண்டும் என்று எதிர்ப்பொருளுக்கு இருக்க வேண்டிய தெளிவு. அதற்கும் ‘துல்லியம்’ என்றே பெயர் வைத்துவிட்டால், “துல்லியமாக இருந்தும் துல்லியமாக இல்லை” என்று எழுத வேண்டிவரும். ஏற்கெனவே ‘பிரிசிஷன்’, ‘அக்யூரசி’ இரண்டையும் அந்த ஒரே சொல்தான் சுமக்கிறது. அதுவே போதிய தொல்லை. மூன்றாவதையும் அதன் தலையில் ஏற்றுபவர்கள், மூலத்தில் உள்ள சொல்லை அகராதியில் பார்த்தார்களே தவிர, அது செய்யும் வேலையைப் பார்க்கவில்லை.

‘தனித்தன்மை’ என்று எழுதுவோரும் உண்டு. பாடநூல் நடையில் அது பரவலாக இருப்பதால் எதிர்க்கத் தயக்கம்தான். ஆனாலும் எனக்கு அது உவப்பில்லை. தனித்தன்மை ஒருவருக்கோ ஒரு பொருளுக்கோ தன்னளவில் இருப்பது. ‘இந்த எதிர்ப்பொருளின் தனித்தன்மை’ என்றால் அது மற்ற எதிர்ப்பொருள்களிலிருந்து மாறுபட்டது என்றுதான் தமிழ் வாசகர் கொள்வார். ‘ஸ்பெசிஃபிசிட்டி’ அப்படிப்பட்ட குணமே இல்லை. அது இரண்டு பொருள்களுக்கு இடையிலான உறவு. எதை நோக்கி என்று சொல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை.

அதனால்தான் ‘குறித்தன்மை’ என்கிறேன். ‘குறி’ என்றால் இலக்கு. அடையாளம் என்றும் பொருள். அதைவிட முக்கியமானது, ‘குறித்த’ என்று எழுதியவுடனே ‘எதை?’ என்ற கேள்வியைத் தமிழ் இலக்கணமே கேட்டுவிடுகிறது. இந்தப் பொருளில் இரண்டாம் வேற்றுமை இல்லாமல் அது நிற்காது. ‘பீட்டா சங்கிலியைக் குறித்த எதிர்ப்பொருள்’ என்று எழுத நேரும்போது, மொழிபெயர்ப்பாளர் மூலத்துக்குத் திரும்பிப் போய் எந்தச் சங்கிலி என்று தேடியே ஆக வேண்டும். ‘துல்லியமான எதிர்ப்பொருள்’ என்று எழுதுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காதுக்குப் புதிதாக இருக்கிறது என்பார்கள். புழங்கினால் பழகிவிடும்.

பீட்டா சங்கிலி என்றதோடும் வேலை முடியவில்லை. எச்.சி.ஜி.-இன் பீட்டாவும் எல்.எச்.-இன் பீட்டாவும் பெரும்பகுதி ஒத்தவை. முன்னதில் 145 அமினோ அமிலங்கள், பின்னதில் 121. எச்.சி.ஜி.-இன் வாலில் கூடுதலாக உள்ள 24 அமினோ அமிலத் துண்டு எல்.எச்.-இல் கிடையாது. அந்த வாலையோ, எச்.சி.ஜி. பீட்டாவுக்கே உரிய வேறு பகுதியையோ குறித்த எதிர்ப்பொருள் இரண்டில் ஒன்றாகவாவது இருக்க வேண்டும். அடியில் உள்ளது ஆல்ஃபாவைப் பிடித்து, மேலே வருவது எச்.சி.ஜி. பீட்டாவை மட்டும் குறித்ததாக இருந்தால், எல்.எச். பிடிபட்டாலும் நிறம் தராது. ஆனால் மிகுதியான எல்.எச். அடியில் உள்ள இடங்களை நிரப்பிக்கொண்டால் எச்.சி.ஜி.-க்கு இடம் குறைந்து, அளவு உள்ளதைவிடத் தாழ்வாகத் தெரியக்கூடும். குறித்தன்மை எந்த எதிர்ப்பொருளிடம் குறைகிறது என்பதைப் பொறுத்துப் பிழையின் திசையே மாறுகிறது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். நோய்க்கணிப்புப் புள்ளியியலிலும் இதே ஆங்கிலச் சொல் உண்டு. அங்கே அதன் பொருள், நோய் இல்லாதவர்களில் எத்தனை விழுக்காட்டினரைச் சோதனை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்கிறது என்பது. எதிர்ப்பொருளின் குறித்தன்மை மூலக்கூறு பற்றியது. புள்ளியியலில் வருவது மக்கள்தொகுப்பு பற்றியது. முதலாவது குறைந்தால் இரண்டாவது குறையலாம். ஆனால் முதலாவது குறையற்றதாக இருந்தும், இரத்தத்திலேயே இருக்கும் வேறொரு எதிர்ப்பொருள், அடியில் உள்ளதையும் மேலே வருவதையும் பாலம் போட்டு இணைத்துவிட்டால் பொய் ‘உண்டு’ வந்துவிடும். இரண்டாம் பொருளுக்கு ‘இன்மை காணும் திறன்’ என்று விரித்து எழுதினால் நல்லது. மொழிபெயர்ப்பில் “குறித்தன்மை 98%” என்று மட்டும் விட்டால் எது எது என்று யாருக்கும் புரியாது.

விழுக்காடு போடும் கையேடுகள் அதற்குக் கீழே ஒரு அட்டவணையும் தர வேண்டும்: எல்.எச்., எஃப்.எஸ்.எச்., டி.எஸ்.எச். ஒவ்வொன்றையும் எந்தச் செறிவில் கலந்து பார்த்தார்கள், சோதனை அதை எவ்வளவு என்று படித்தது. மூலத்தில் அந்த அட்டவணை பெரும்பாலும் இருக்கும். தமிழாக்கத்தில் அதை விட்டுவிட்டு ‘மிகத் துல்லியமானது’ என்ற ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.