காய்ச்சல் விட்ட பிறகும் ஏன் 4 வாரம் ஊசி?

டெல்டாவில் நடவுக் காலத்தில் வரும் காய்ச்சலுக்கு டைஃபாய்டு, டெங்கு, எலிக்காய்ச்சல் என்று பல பெயர்கள் வரிசையில் நிற்கும். இதய வால்வில் கிருமி தொற்றியிருக்கும் என்ற நினைப்பு கடைசியில்தான் வரும். ஆனால் சிறுவயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து வால்வு பழுதான ஒருவருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், இந்தச் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும். இதன் பெயர் இன்ஃபெக்டிவ் எண்டோகார்டைட்டிஸ்.

மன்னார்குடிப் பக்கம் நடவு வேலைக்குப் போகும் 36 வயதுப் பெண் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மைட்ரல் வால்வு சரியாக மூடாமல் இரத்தம் பின்னால் கசிகிறது என்று பல வருஷம் முன்பே சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரமாகச் சாயங்காலமானால் காய்ச்சல், எடை குறைவு, அசதி. மெடிக்கல் ஷாப்பில் மூன்று நாளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார், காய்ச்சல் நின்றது. ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்தது. கிருமி வேரோடு போகவில்லை என்பதற்கு இதுவே முதல் துப்பு.

மதகு சரியாக அடையாமல் இடுக்கில் தண்ணீர் பீறிட்டால், அதையொட்டிய சுழலில் மண் வந்து படியும். கசியும் வால்விலும் ஏறக்குறைய இப்படித்தான். பீறிடும் இரத்தத்தால் வால்வின் உள்தோல் உரசிப் புண்ணாகிறது. அங்கே பிளேட்லெட்டும் ஃபைப்ரின் என்ற உறைபுரத நூலும் படிகின்றன. பல் ஈறு வழியாக அவ்வப்போது இரத்தத்தில் கலக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி அதில் ஒட்டிக்கொண்டு பெருகும். மேலே இன்னொரு அடுக்கு ஃபைப்ரின் படியும். இப்படி வளரும் திரளை மருத்துவர்கள் வெஜிடேஷன் என்பார்கள்.

இந்தத் திரளின் அமைப்புதான் சிகிச்சையை நீட்டுகிறது. வால்வு இதழுக்குள் இரத்தக் குழாய் இல்லை என்றே சொல்லலாம், வெஜிடேஷனுக்குள்ளும் கிடையாது. நிமோனியாவில் நுரையீரலுக்கு இரத்தத்தோடு வந்து குவியும் வெள்ளணுக்கள் இங்கே உள்ளே புக முடியாது. எனவே கிருமியைக் கொல்லும் வேலை முழுவதும் மருந்தின் தலையில் விழுகிறது. வளர்ச்சியை நிறுத்தி மட்டும் வைத்துவிட்டு மிச்சத்தை உடம்பின் காவலுக்கு விடும் மருந்துகள் இங்கே உதவாது. மருந்தும் வெளிப்பரப்பிலிருந்து ஊறித்தான் உள்ளே போக வேண்டும். இரத்தத்தில் அதன் அளவு உயரமாக இருந்தால்தான் நடுப்பகுதி வரை போதுமான அளவு சேரும். நரம்பு வழி ஊசி அதற்காகத்தான்.

எண்ணிக்கை இன்னொரு சிக்கல். முற்றிய வெஜிடேஷனில் ஒரு கிராமுக்கு 100 கோடிக்கு மேலும் கிருமிகள் இருக்கலாம். 99.9 சதவீதம் செத்தாலும் 10 லட்சம் மிஞ்சும். அந்த மிச்சம் லேசுப்பட்டதல்ல. அடர்த்தியான உட்பகுதியில் உள்ள கிருமிகள் பிரிந்து பெருகாமல் சும்மா கிடக்கின்றன. பென்சிலின், செஃப்ட்ரியாக்ஸோன் போன்றவை, புதுச் செல்சுவர் கட்டும் வேலையைக் கெடுத்துக் கொல்பவை. சுவரே கட்டாமல் கிடக்கும் கிருமியிடம் அவற்றுக்கு வேலை குறைவு. அது எப்போது விழித்துப் பிரிகிறதோ அப்போது இரத்தத்தில் மருந்து இருந்தாக வேண்டும். வாரக்கணக்கு இங்கிருந்துதான் வருகிறது.

நம் உதாரணத்துக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன், வெவ்வேறு இடத்தில் குத்தி மூன்று முறை இரத்தம் எடுக்கிறார்கள், முதலாவதற்கும் கடைசிக்கும் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி. கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஒவ்வொரு கல்ச்சர் பாட்டிலுக்கும் 8 முதல் 10 மில்லி. இரத்தத்தில் கிருமி குறைவாக இருப்பதால் 2 மில்லி எடுத்தால் தப்பிவிடும். முதல் நாள் சாப்பிட்ட மாத்திரைகூடக் கல்ச்சரைக் கெடுக்கும், இவர் நிறுத்திப் பத்து நாள் ஆகியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. மூன்றிலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்தது, பென்சிலினுக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை. எக்கோவில் மைட்ரல் இதழில் 9 மில்லிமீட்டர் வெஜிடேஷன்.

மருந்து செஃப்ட்ரியாக்ஸோன், 2 கிராம், தினம் ஒரு வேளை, நரம்பு வழியாக, 4 வாரம். பென்சிலினும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அது அரை மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால் 4 மணிக்கொரு முறை போட வேண்டும். செஃப்ட்ரியாக்ஸோன் பாதியாக 8 மணி நேரம் பிடிக்கும். இதே வால்வில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இருந்திருந்தால் பெரும்பாலும் 6 வாரம், மருந்தும் வேறு.

நாள் எண்ணுவது ஊசி தொடங்கிய தேதியிலிருந்து அல்ல. மருந்து தொடங்கிய பின் ஓரிரு நாளுக்கொரு முறை மறுபடி இரத்தம் எடுத்து, எந்த நாள் எடுத்த இரத்தத்தில் முதன்முதலாகக் கிருமி வளரவில்லையோ அதுதான் முதல் நாள். இவருக்குச் சேர்ந்த 3-ஆம் நாள் எடுத்தது சுத்தம். ஆக 30-ஆம் நாள் வரை ஊசி. சரியான மருந்து கொடுத்தும் ஒரு வாரம் கழித்துக் கிருமி வளர்ந்துகொண்டே இருந்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். அப்போது அறுவைச் சிகிச்சை மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம்.

6-ஆம் நாள் காய்ச்சல் விட்டது. 10-ஆம் நாள், "காச்சல்தான் விட்டுருச்சே சிஸ்டர், தை அறுப்பு கிடக்கு, மாத்திரையா குடுத்துருங்க" என்கிறார். நியாயமான கேள்விதான். இரத்தத்தில் சுற்றும் கிருமி போனதும் காய்ச்சல் போகும், வெஜிடேஷன் நடுவில் கிடப்பதோ காய்ச்சலைக் கிளப்பாது. மாத்திரைக்கு மாறுவது அறவே கூடாது என்பதும் இல்லை. டென்மார்க்கில் 400 பேரிடம் நடந்த போயட் ஆய்வில், குறைந்தது 10 நாள் ஊசிக்குப் பின் இரண்டு மாத்திரைகளுக்கு மாறியவர்கள், முழுக்க ஊசி போட்டவர்களுக்குச் சளைக்கவில்லை. ஆனால் நிலை தேறிய, உணவுக்குழாய் வழி எக்கோவில் சீழ் இல்லை என்று உறுதியானவர்களையே மாற்றினார்கள், வாரத்துக்கு 2, 3 முறை வரவழைத்தும் பார்த்தார்கள். அந்தக் கண்காணிப்பு கைவசம் இருந்தால்தான் அந்த முடிவும் செல்லும்.

16-ஆம் நாள் மறுபடி 101 டிகிரி. பயம் வருவது இயல்பு. ஆனால் உடனே மருந்தை மாற்றுவது தவறு, காரணம் தேட வேண்டும். இதயத்தில் புதிதாக முனகல் ஒலி கேட்கிறதா, மூச்சிரைப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இசிஜியில் பிஆர் இடைவெளி, அதாவது மின்துடிப்பு இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போக எடுக்கும் நேரம், நீண்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வால்வையொட்டிச் சீழ் பரவினால் இதயத்தின் மின்பாதை அழுத்தப்பட்டு அது நீளும், முக்கியமாக அயோர்ட்டிக் வால்வில். இவருக்கு அது முன்போலவே இருந்தது. இடது கையில் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் குழாய் குத்திய இடம் சிவந்து, நரம்பு கயிறு மாதிரி தடித்து வலித்தது. இரத்தம் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு அதைக் கழற்றி மறு கையில் போட்டதும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது, கல்ச்சரும் சுத்தம். இல்லாவிட்டால் மருந்தாலேயே வரும் காய்ச்சலையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். இந்த மருந்துகள் நெடுநாள் போனால் வெள்ளணு குறையலாம் என்பதால் வாரம் ஒரு முறை இரத்த எண்ணிக்கை பார்ப்பது நல்லது.

சிஆர்பி, இஎஸ்ஆர் இரண்டும் உடம்பில் உள்ள அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனைகள். சிஆர்பி படிப்படியாக இறங்குவது ஆறுதல் தரும். இஎஸ்ஆர் மெதுவாகத்தான் இறங்கும், அதைத் துரத்திப் பயனில்லை. திடீரென ஒரு கை கால் வலுவிழப்பது, பேச்சுக் குழறுவது, இடது விலாவுக்குக் கீழ் வலி ஆகியவை வெஜிடேஷன் துண்டு உடைந்து மூளைக்கோ மண்ணீரலுக்கோ போனதைக் காட்டலாம். இந்த ஆபத்து சிகிச்சையின் முதல் இரண்டு வாரத்தில் அதிகம், பிறகு குறையும்.

30-ஆம் நாள் எக்கோவில் வெஜிடேஷன் 7 மில்லிமீட்டர். இன்னும் இருக்கிறதே என்று குடும்பம் பதறும். கிருமி செத்தாலும் ஃபைப்ரின் திரள் உடனே கரையாது, தழும்பாக மாதக்கணக்கில் நிற்கலாம். இந்த எக்கோ இனி ஒப்பிட்டுப் பார்க்க உதவும் அளவுகோல். கசிவு கூடியிருக்கிறதா, இதய அறை பெருத்திருக்கிறதா என்பதே முக்கியம்.

கிருமி மீண்டும் தலைதூக்கினால் பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள் தெரியும். வீட்டுக்குப் போகும் சீட்டில் மருத்துவர் எழுதித் தர வேண்டியது இது: காய்ச்சல் வந்தால் மாத்திரை போடும் முன் கல்ச்சருக்கு இரத்தம் கொடுக்க வேண்டும், பல் பிடுங்கும் முன் வால்வுத் தொற்று வந்திருந்ததைப் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.