கொல்லைக் குளியலறை: அரசு எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது

செட்டிநாட்டுக் கிராமங்களில் இன்னமும் பல வீடுகளில் குளியல் என்றால் கிணற்றடிதான். இல்லையென்றால் கொல்லையில் நாலு கம்பு நட்டு, கீற்றுத் தட்டி கட்டிய ஒரு மறைப்பு. இதைச் சுவர், கூரை, குழாய், தண்ணீர் போக வழி என்று ஒழுங்காகக் கட்ட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "இதுக்கு கவர்மெண்டுல ஏதாவது கிடைக்குமா?" என்பதைத்தான்.

கிடைக்கும், ஆனால் குளியலறை என்ற பெயரில் கிடைக்காது. மத்திய அரசின் ஊரகத் திட்டங்களில், ஏற்கெனவே இருக்கிற வீட்டில் குளியலறை மட்டும் கட்டத் தனி மானியம் இல்லை. தண்ணீர் உள்ளே வருவதற்கு ஒரு திட்டமும், அழுக்குத் தண்ணீர் வெளியே போவதற்கு வேறொரு திட்டமும் இருக்கின்றன. நடுவில் இருக்கிற சுவர், கூரை, தளம் மூன்றும் உங்கள் செலவு. அரசுப் பணம் வரக்கூடிய இடங்களில் கைக்காசைப் போட்டுவிட்டு, சுவர் எழுப்பும்போது பணம் போதாமல் நிற்கிற வீடுகள் இருப்பதால்தான் இந்தக் கணக்கை முதலிலேயே சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஊர் எந்தக் கணக்கில் வருகிறது என்று பாருங்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் எல்லாம் பார்வைக்குக் கிராமம்தான். ஆனால் நிர்வாகத்தில் பேரூராட்சிகள். கீழே சொல்லும் ஊரகத் திட்டங்கள் கிராம ஊராட்சிக்குள் இருப்பவர்களுக்கே பொருந்தும். பேரூராட்சிக்காரர்கள் நகர்ப்புறத் திட்டங்களைப் பற்றிப் பேரூராட்சி அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். வீட்டு வரி ரசீதில் யார் பெயரில் முத்திரை விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

தண்ணீருக்கு ஜல் ஜீவன் திட்டம். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டது; ஊரகத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது அதன் அளவு. இதில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. வீட்டில் அடுப்படி, குளிக்கும் துவைக்கும் இடம், கழிப்பறை என மூன்று இடங்களில் குழாய் வைத்துக்கொள்வது நல்லது என்று வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனால் திட்டப் பணம் ஒரு குழாய்க்கு மட்டும். ஆகவே அந்த ஒரு குழாயை அடுப்படிப் பக்கம் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து குளியலறைக்கு இழுக்கிற லைனைச் சொந்தச் செலவில் போடுவதுதான் முறை.

கழிப்பறைக்குத் தூய்மை பாரத இயக்கத்தில் 12,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. அது தனிநபர் கழிப்பறைக்குத் தருகிற பணம், குளியலறைக்கு அல்ல. கழிப்பறையை ஒட்டியே குளிக்கும் இடத்தையும் கட்டினால் ஒரு சுவர் மிச்சம் என்பது உண்மைதான், அப்படிக் கட்டுவதில் தவறும் இல்லை. ஆனால் தப்பு அடுத்ததாக நடக்கிறது. குளிக்கிற தண்ணீரையும் அதே கழிப்பறைக் குழியில் விட்டுவிடுகிறார்கள். அந்த இரட்டைக் குழி, மலத்தோடு போகிற கொஞ்சத் தண்ணீருக்காகக் கணக்குப் போட்டது. தினமும் நூறு லிட்டர் சோப்புத் தண்ணீர் உள்ளே போனால் குழி எப்போதும் நிறைந்தே நிற்கும், மலம் மக்காது, ஐப்பசி கார்த்திகையில் கோப்பை வழியாகத் தண்ணீர் எதிர்த்து வரும். குளியல் தண்ணீருக்குக் குழி தனியாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தத் தனிக் குழிக்கு, அதாவது உறிஞ்சுகுழிக்கு, அரசு வழி இருக்கிறது. நூறு நாள் வேலையில் தனிநபர் உறிஞ்சுகுழி ஒரு அனுமதிக்கப்பட்ட வேலை. வீட்டில் வேலை அட்டை இருக்க வேண்டும், அந்த வேலையில் வீட்டிலிருந்து ஒருவராவது இறங்கி வேலை செய்ய வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினர், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள், பெண் தலைமையிலான குடும்பங்கள், மாற்றுத்திறனாளி தலைமையிலான குடும்பங்கள் முன்னுரிமையில் வருகிறார்கள். அவர்களுக்குப் பிறகு சிறு, குறு விவசாயிகள். 2025 டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றியிருப்பதால், இந்த ஆண்டு வேலைப் பட்டியலில் உறிஞ்சுகுழி இருக்கிறதா, எந்தத் தலைப்பில் வருகிறது என்பதை ஊராட்சிச் செயலாளரிடம் கேட்டுக்கொண்டு மனு எழுதுங்கள். இது தவிர, தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் ஊர் முழுமைக்குமான கழிவுநீர் வேலைக்கும் பணம் உண்டு. அது ஊராட்சிக்கு வருகிற பணம், வீட்டுக்கு வருவதல்ல.

இனி குழி. ஒரு வீட்டை வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். நாலு பேர் இருக்கிற வீடு. ஆளுக்கு இரண்டு வாளி, சுமார் 30 லிட்டர். ஒரு நாளைக்கு 120 லிட்டர் குழிக்குப் போகும். வழக்கமாக வெட்டுகிற குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர், அதாவது மூன்றேகால் அடி. குழியின் அடி நாளாக ஆகச் சோப்புக் கசடில் அடைத்துக்கொள்ளும் என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாலு பக்கச் சுவர் மட்டும் 4 சதுர மீட்டர். மணல் கலந்த செம்மண் என்றால் ஒரு சதுர மீட்டர் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 30 லிட்டர் உறிஞ்சும். நாலை முப்பதால் பெருக்கினால் 120. சரியாக வந்துவிட்டது.

ஆனால் இந்தப் பக்கத்து மண் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. இரண்டடி செம்மண்ணுக்குக் கீழே செம்பாறை தட்டுகிற இடங்கள் நிறைய. இறுகிய மண்ணில் சதுர மீட்டருக்கு 20 லிட்டர்தான் போகும் என்று வைத்தால், அதே குழி 80 லிட்டரைத்தான் விழுங்கும். மீதி 40 லிட்டர் தினமும் மேலே நிற்கும். அதனால் குழி வெட்டியதும் கல்லை நிரப்பிவிடாதீர்கள். முதல் நாள் தண்ணீர் ஊற்றி மண்ணை நனைய விடுங்கள். மறுநாள் மாலை ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, காலையில் பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் அந்த இடத்தில் ஒரு குழி போதாது. இரண்டாவது குழி வெட்டலாம், அல்லது நிரம்பி வழிகிற தண்ணீரைச் சின்ன வாய்க்காலில் இழுத்து வாழைக்கும் சேம்புக்கும் விடலாம். கொல்லையில் இடம் இருந்தால் நான் வாழைக்குத்தான் சொல்வேன். இரண்டாவது குழியும் ஒரு நாள் அடைக்கத்தான் போகிறது.

செம்பாறையில் இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. வெடிப்பு இருக்கிற இடத்தில் தண்ணீர் கடகடவென்று இறங்கிவிடும். குழி நன்றாக வேலை செய்கிறது என்று நினைப்போம்; அது வடிகட்டப்படாமல் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருக்கும். கிணறு, அடிபம்பு, போர் எதிலிருந்தும் குறைந்தது 10 மீட்டர், முப்பத்து மூன்றடி தள்ளி வெட்டுங்கள். வெடிப்பு தெரிந்தால் இன்னும் தள்ளிப் போங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவரின் அஸ்திவாரத்திலிருந்தும் விலகியே இருக்கட்டும். ஈரம் ஏறினால் அந்தச் சுவர் பூச்சை உதிர்க்க ஆரம்பித்துவிடும்.

குழிக்குள் அடியில் பெரிய கல், அதற்கு மேல் நடுத்தரம், மேலே சின்ன ஜல்லி. குளியலறைக்கும் குழிக்கும் நடுவில் ஒரு சின்ன வண்டல் தொட்டி கட்டாயம் வேண்டும். முடி, மணல், சோப்புக் கசடு எல்லாம் அதில் தங்க வேண்டும். வாரம் ஒருமுறை கையால் அள்ளிப் போடலாம். மதிப்பீட்டில் முதலில் வெட்டுப்படுவது இந்தத் தொட்டிதான், குழி சீக்கிரம் செத்துப்போவதும் அது இல்லாததால்தான். குளித்து முடித்து அரை மணி நேரமாகியும் தளத்து ஓட்டையில் தண்ணீர் தெரிந்தால், அல்லது குழியின் மேல்மண் வெயில் காலத்திலும் ஈரமாக இருந்தால், அடைப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். கல்லை எடுத்துக் கழுவி, பக்க மண்ணைச் சுரண்டிவிட்டு மறுபடி போட வேண்டும்.

குழியைக் கெடுக்கிற இன்னொன்று மழை. நாலுக்கு ஆறடி குளியலறையின் கூரைப் பரப்பு சுமார் 2.2 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 110 லிட்டர். அந்த வீட்டின் ஒரு நாள் குளியல் தண்ணீருக்குக் கிட்டத்தட்டச் சமம். கூரை இல்லாவிட்டால் அவ்வளவும் தளத்தில் விழுந்து நேராகக் குழிக்குப் போகும். ஆகவே கூரை என்பது மறைப்புக்கு மட்டுமல்ல, குழிக்கும் வேண்டும். தகரமோ நாட்டு ஓடோ, சரிவு வெளிப்பக்கம் இருக்கட்டும். தளத்தைச் சுற்றி மூன்று அங்குல விளிம்பு கட்டி, முற்றத்து மழைத் தண்ணீர் உள்ளே வராமல் தடுங்கள். பழைய வீடுகளில் முற்றத்து மழைத் தண்ணீரை வெளியே கொண்டுபோகிற கல் வாய்க்கால் இருக்கும். பல ஊர்களில் அது ஊருணிக்குப் போய்ச் சேர்கிறது. வசதியாக இருக்கிறதே என்று குளியல் தண்ணீரை அதில் திருப்பிவிடக் கூடாது.

சுவரின் உயரத்தைக் குளியலறைக்குள் தளத்திலிருந்து அளக்க வேண்டும். வெளியிலிருந்து ஆறடி கட்டிவிட்டு உள்ளே தளத்தை ஓரடி உயர்த்தினால், நிற்கிறவருக்கு மறைப்பு ஐந்தடிதான். உள்ளிருந்து ஆறரை அடி வரட்டும்; மேலே கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்கு அரையடி இடைவெளி. பக்கத்து வீட்டு மாடி எந்தப் பக்கம் என்று பார்த்து இடைவெளியை அதற்கு எதிர்ப்பக்கம் விடுங்கள். வாசலை ஒட்டி ஒரு மறைப்புச் சுவர் எழுப்பினால் கதவு பழுதானாலும் கவலை இல்லை. தளத்துக்கு ஆத்தங்குடிக் கல் ஆசைப்பட்டுப் போடாதீர்கள்; சோப்பு பட்டால் வழுக்கும், நிறமும் மங்கும். சொரசொரப்பான கருங்கல் பலகையோ, துடைப்பக் கோடு போட்ட சிமெண்டுத் தளமோ போதும். நாலடிக்கு ஓரங்குலச் சரிவு வேண்டும்.

குழாயில் ஒரு விஷயம்தான், ஆனால் பெரிய விஷயம். திட்டக் குழாயில் ஓஸ் மாட்டி, அதன் நுனியை அண்டாவுக்குள் மூழ்கவிட்டுப் போகும் பழக்கத்தை விடுங்கள். லைனில் அழுத்தம் குறைகிற நேரத்தில், அதுவும் யாராவது மோட்டார் போட்டு இழுத்தால், அண்டாத் தண்ணீர் பின்னோக்கிக் குழாய்க்குள் போகும். குழாய் வாய் எப்போதும் வாளி விளிம்புக்கு மேலேயே இருக்கட்டும். போர் தண்ணீரைக் குளிக்க வைத்துக்கொள்வது நல்ல யோசனைதான். அந்த லைனையும் குடிநீர் லைனையும் வால்வு போட்டுக்கூட இணைக்காதீர்கள். தண்ணீரில் சந்தேகம் வந்தால், ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கும் பெட்டியோடு பயிற்சி கொடுப்பது ஜல் ஜீவன் திட்டத்திலேயே ஒரு பகுதி. உங்கள் ஊரில் அந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று ஊராட்சியில் கேளுங்கள்.

மனுவைக் கிராம சபையில் கொடுப்பதே நல்லது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த ஆண்டு வேலைப் பட்டியலுக்கு அக்டோபர் 2 கூட்டத்தை விடாதீர்கள். மனுவில் "குளியலறை கட்டித் தர வேண்டும்" என்று எழுதினால் அப்படித் திட்டம் இல்லை என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். "வீட்டுக் குளியல் மற்றும் துவைக்கும் கழிவுநீருக்குத் தனிநபர் உறிஞ்சுகுழி, வண்டல் தொட்டியுடன்" என்று ஒரு மனு, வீட்டுக் குழாய் இணைப்புக்கு வேறொரு மனு. இரண்டிலும் வீட்டு வரி ரசீது நகலும், முதல் மனுவில் வேலை அட்டை எண்ணும் சேருங்கள். பங்காளிகளுக்குப் பொதுவான வீடாக இருந்தால், குழி வருகிற இடத்தைக் குறிப்பிட்டு மற்ற பங்குதாரர்களிடம் ஒப்புதல் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் இருக்கிற ஒருவர் வேலை பாதியில் நிற்கும்போது ஆட்சேபணை சொல்வது இந்தப் பக்கம் புதிதல்ல.