புதிய தொலைக்காட்சியில் முப்பரிமாணப் படம்: கண்ணாடி வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிங்கப்பூரில் வீடுகளுக்குத் தொலைக்காட்சி, ஒலிபெருக்கி, புரொஜெக்டர் ஆகியவற்றைப் பொருத்தித் தரும் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அண்மைக் காலமாக என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. பழைய முப்பரிமாணப் புளூ-ரே வட்டுகள் வீட்டில் இருக்கின்றன. பழைய தொலைக்காட்சி பழுதாகிப் புதியது வாங்கியாகிவிட்டது. எந்தக் கண்ணாடி வாங்கினால் அதில் முப்பரிமாணம் தெரியும் என்று கேட்கிறார்கள். எந்தக் கண்ணாடி வாங்கினாலும் தெரியாது என்பதே இதற்கு உண்மையான பதில். அந்தப் பதில் காலந்தாழ்ந்து கிடைப்பதால் பலர் வீணாகப் பணம் செலவழிப்பதைப் பார்த்து வருந்தியே இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் அங் மோ கியோவில் ஒரு வீவக வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், விடுமுறைக்கு வரும் பேரனுக்குக் காட்டுவதற்காகத் தம்மிடமிருந்த பதினொரு முப்பரிமாண வட்டுகளையும் தூசி தட்டி மேசைமீது அடுக்கி வைத்திருந்தார். சுவரில் புதிய 65 அங்குலத் தொலைக்காட்சி. வட்டுகளுக்குப் பக்கத்தில் இணையத்தில் வாங்கிய இரண்டு வகைக் கண்ணாடிகள்: ஒன்று சிவப்பும் நீலப்பச்சையும் கலந்த அட்டைக் கண்ணாடி, மற்றொன்று யுஎஸ்பி வழியே மின்னேற்றும் கனமான கண்ணாடி. "தம்பி, இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன், படம் தட்டையாகத்தான் இருக்கிறது, வட்டு கெட்டுப்போயிருக்குமோ?" என்று கேட்டார்.

வட்டுகளில் குறை இல்லை. வட்டையும் அதை ஓட்டும் புளூ-ரே இயக்கியையும் என் பட்டறையிலுள்ள 2015ஆம் ஆண்டுத் தொலைக்காட்சியில் இணைத்ததும் முப்பரிமாணம் உடனே வந்தது. அப்படியானால் அவர் வீட்டில் என்ன நடந்தது? இயக்கியை எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்த நொடியே, அது தொலைக்காட்சியிடமிருந்து ஒரு சிறு தகவல் பட்டியலைப் படித்துக்கொள்கிறது. என்ன தெளிவுத்திறன், என்ன ஒலி, முப்பரிமாணம் ஏற்குமா என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். புதிய தொலைக்காட்சியின் பட்டியலில் முப்பரிமாணம் இல்லை என்பதால், இயக்கி ஒரு கண்ணுக்குரிய காட்சியை மட்டும் சாதாரணப் படமாக அனுப்பிவிடுகிறது. இயக்கியின் அமைப்பில் `3D Output` என்பது `Auto` என்று இருந்தால் இந்த மாற்றம் ஓசையின்றி நடந்துவிடும். பார்ப்பவருக்கு எந்த எச்சரிக்கையும் வராமல் போகலாம்.

சாம்சங் 2016ஆம் ஆண்டு மாதிரிகளிலேயே முப்பரிமாண வசதியைக் கைவிட்டது. எல்ஜியும் சோனியும் 2017ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து அதை நீக்கின. ஆகவே உங்கள் தொலைக்காட்சி இந்த நிறுவனங்களில் ஒன்று 2017இலோ அதற்குப் பின்னரோ வெளியிட்ட மாதிரியானால், அமைப்புப் பட்டியலில் எவ்வளவு தேடினாலும் முப்பரிமாணம் என்ற பகுதி கிடைக்காது. மென்பொருளைப் புதுப்பித்தும் அது வரப்போவதில்லை.

"என் தொலைக்காட்சி 120 ஹெர்ட்ஸ் வேகம் கொண்டதாயிற்றே, பழைய முப்பரிமாணத் தொலைக்காட்சியும் அந்த வேகத்தில்தானே ஓடியது?" என்று விவரமறிந்த சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முப்பரிமாணத் தொலைக்காட்சிகளில் ஆக்டிவ், பாசிவ் என்று இரு முறைகள் இருந்தன. ஆக்டிவ் முறையில் இடக்கண் காட்சியும் வலக்கண் காட்சியும் மாறி மாறித் திரையில் தோன்றும். கண்ணாடியின் இரு வில்லைகளும் அதே தாளத்தில் மாறி மாறி இருண்டு திறக்கும். திரை வேகமாக ஓடினால் மட்டும் போதாது. வந்த காட்சியை இரண்டாகப் பிரிக்கும் செயலியும், எந்த நொடியில் எந்த வில்லை திறக்க வேண்டும் என்று கண்ணாடிக்கு அகச்சிவப்பு ஒளியாலோ புளூடூத் வழியாகவோ சொல்லும் பகுதியும் வேண்டும். புதிய தொலைக்காட்சியில் ரிமோட்டுக்காக புளூடூத் இருக்கலாம். ஆனால் கண்ணாடிக்குத் தாளம் சொல்லும் வேலை அதற்குத் தெரியாது.

பாசிவ் முறை வேறு. அங்கே திரையின் மேல் ஒரு மெல்லிய படலம் ஒட்டப்பட்டிருக்கும். அது ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக ஒளியை எதிரெதிர் திசைகளில் சுழலும்படி முனைவாக்கும். மின்கலம் இல்லாத எளிய கண்ணாடி அதை இரு கண்களுக்கும் பிரித்துக் கொடுக்கும். படலம் இல்லாத திரையின் முன் அந்தக் கண்ணாடியை அணிவது, மங்கலான வெயில் கண்ணாடி அணிவதற்குச் சமம்.

ஆசிரியர் வாங்கிய சிவப்பு-நீலப்பச்சைக் கண்ணாடி எந்தத் திரையிலும் வேலை செய்யும் என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். அதில் பாதிதான் உண்மை. காட்சியே அந்த இரு நிறங்களில் பிரித்து உருவாக்கப்பட்டிருந்தால்தான் அது வேலை செய்யும். முப்பரிமாணப் புளூ-ரே வட்டில் இரு கண்களுக்கும் இரண்டு முழு வண்ணக் காட்சிகள் பதிந்திருக்கின்றன. அவற்றை நிறத்தால் பிரிக்கும் வேலையை யாரும் செய்யவில்லை.

வட்டு வாங்கும்போதும் கவனம் வேண்டும். 4கே அல்ட்ரா எச்டி புளூ-ரே என்ற புதிய வகை வட்டில் முப்பரிமாணத்துக்கு இடமே இல்லை. உறையின்மேல் புளூ-ரே 3டி என்ற முத்திரை உள்ள வட்டு தனியாக வேண்டும். அதை வாசிக்க முப்பரிமாணம் ஏற்கும் இயக்கியும் வேண்டும். பிளேஸ்டேஷன் 4 அதை இயக்கும். பிளேஸ்டேஷன் 5 இயக்காது. இன்னொன்று, நம்மவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது: புளூ-ரே மண்டலக் கணக்கில் சிங்கப்பூர் ஏ, இந்தியா சி, பிரிட்டன் பி. ஆசிரியரின் தம்பி சென்னையிலிருந்து அனுப்பிய வட்டு ஒன்றை இங்கு வாங்கிய இயக்கி ஏற்கவே மறுத்தது. முப்பரிமாணத்துக்கும் அந்த மறுப்புக்கும் தொடர்பில்லை. மண்டலக் கட்டுப்பாடு இல்லாத வட்டுகளும் பல உண்டு என்பதால், வாங்கும் முன் பின் உறையில் உள்ள எழுத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிலைமையை விளக்கியபின் அவருக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது, பயன்படுத்திய முப்பரிமாணத் தொலைக்காட்சி ஒன்றை வாங்குவது. அப்படி வாங்குவதானால் என் தேர்வு 4கே திரை கொண்ட பாசிவ் வகைதான். சாதாரண முழு எச்டி பாசிவ் திரையில் 1080 வரிசைகளை இரு கண்களும் பங்கிட்டுக்கொள்வதால் ஒரு கண்ணுக்கு 540 வரிசைதான் கிடைக்கும்; 4கே திரையில் 2160 வரிசைகள் இருப்பதால் ஒவ்வொரு கண்ணுக்கும் வட்டில் உள்ள 1080 வரிசைகளும் கிடைக்கின்றன. எல்ஜியின் 2016ஆம் ஆண்டு சி6, இ6 ஓஎல்இடி மாதிரிகள் இந்த வகை; அதே ஆண்டின் பி6 மாதிரியில் முப்பரிமாணம் கிடையாது என்பதால் மாதிரி எண்ணை எழுத்து எழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். விற்பவரின் வீட்டுக்குச் சொந்த வட்டும் இயக்கியும் கொண்டுபோய் ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. நின்றுகொண்டும் பார்க்க வேண்டும்; பாசிவ் திரையை மேலிருந்தோ கீழிருந்தோ சாய்வாகப் பார்த்தால் வரிசைகளும் படலமும் நேர்கோட்டில் அமையாமல் உருவம் இரட்டையாகத் தெரியும். நம் வீடுகளில் தொலைக்காட்சியை அலமாரிக்கு மேலே உயர்த்தி மாட்டும் பழக்கம் உண்டு. இந்த வகைத் திரையை அப்படி மாட்டினால் குறை திரையில் இருப்பதாகவே தோன்றும்; உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு இறக்கினால் சரியாகிவிடும்.

பாசிவ் தொலைக்காட்சிக்குக் கண்ணாடி கிடைப்பது எளிது. பல திரையரங்குகளில் தரும் ரியல்டி கண்ணாடியே அதற்குப் பொருந்தும். கையிலிருப்பது பொருந்தும் வகையா என்று வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் நின்றே அறியலாம். கையிலிருப்பதை அணிந்துகொண்டு வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் உங்கள் பிம்பத்தைப் பாருங்கள். திறந்திருக்கும் கண்ணின் முன்னுள்ள வில்லை கறுத்து, மூடிய கண்ணின் வில்லை தெளிவாகத் தெரிந்தால் அது வட்ட முனைவாக்கம் கொண்டது, தொலைக்காட்சிக்குப் பொருந்தும். மூடிய கண்ணின் வில்லை கறுத்தால் அது நேர்கோட்டு முனைவாக்கம் கொண்டது, பொருந்தாது. ஆக்டிவ் கண்ணாடியில் இந்தத் தாராளம் இல்லை. ஒரே நிறுவனம் கூட ஓராண்டு அகச்சிவப்பும் அடுத்த ஆண்டு புளூடூத்தும் பயன்படுத்தியதால், தொலைக்காட்சியின் ஆண்டுக்கும் மாதிரிக்கும் ஏற்ற கண்ணாடியைத்தான் தேட வேண்டும்.

இரண்டாவது வழி புரொஜெக்டர். முப்பரிமாணம் இன்றும் புதிதாக விற்கப்படும் சாதனங்களில் தொடர்வது பெரும்பாலும் இங்கேதான். ஆசிரியரின் கூடத்தில் மாலை வெயில் நேராக அடிக்கும் என்றாலும், படுக்கையறை ஒன்றை இருட்டாக்க முடிந்ததால் அவர் இதையே தேர்ந்தெடுத்தார். டிஎல்பி வகைப் புரொஜெக்டர்கள் பலவும் இரு காட்சிகளுக்கு இடையே மிகக் குறுகிய வெள்ளை ஒளித் துடிப்பு ஒன்றைத் திரையில் வீசும். கண்ணாடியின் நடுவிலுள்ள உணரி அதைப் பிடித்துத் தாளத்தை அறிந்துகொள்ளும். இதற்கு டிஎல்பி-லிங்க் என்று பெயர். அவர் வாங்கிவைத்திருந்த கனமான கண்ணாடியின் பெட்டியில் சிறிய எழுத்தில் இருந்ததும் அதே பெயர்தான். தொலைக்காட்சியின் முன் பயனற்றுக் கிடந்த அந்தக் கண்ணாடிகள் புரொஜெக்டருக்கு அப்படியே பொருந்தின.

பழைய புரொஜெக்டர்களின்மேல் முப்பரிமாணத்துக்குத் தயார் என்று ஒட்டியிருப்பதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. 2010ஐ ஒட்டி வந்த அத்தகைய பல சாதனங்கள் கணினியிலிருந்து வரும் காட்சியை மட்டுமே ஏற்றன. புளூ-ரே இயக்கி அனுப்பும் வடிவத்தை ஏற்கவில்லை. எச்டிஎம்ஐ 1.4 வழியே புளூ-ரே முப்பரிமாணம் ஏற்கும் என்று விவரக்குறிப்பில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். இடையில் பழைய ஒலிபெருக்கிச் சாதனம் இருந்தால் அதுவும் அதே வடிவத்தைக் கடத்த வேண்டும். சந்தேகமிருந்தால் இயக்கியை நேரே புரொஜெக்டரில் இணைத்துப் பாருங்கள்.

முதல் படம் ஓடியபோது ஆசிரியர் கண்களைத் தேய்த்துக்கொண்டார். ஆழம் இருக்கிறது, ஆனால் எல்லாம் தலைகீழாகத் தோன்றுகிறது, முன்னால் நிற்பவர் பின்னால் உள்ள சுவருக்குள் புதைந்தவர்போல இருக்கிறார் என்றார். இடக்கண் காட்சி வலக்கண்ணுக்கும், வலக்கண் காட்சி இடக்கண்ணுக்கும் போகும்போது இப்படித்தான் தெரியும். வெள்ளைத் துடிப்பு எந்தக் கண்ணுக்குரியது என்பதைக் கண்ணாடி தானாக அறியாததால் டிஎல்பி-லிங்கில் இது வழக்கமாக நேர்வது. புரொஜெக்டரின் பட்டியலில் `3D Sync Invert` என்பதை ஒருமுறை மாற்றினேன். முன்னால் இருந்தவர் சுவரைவிட்டு வெளியே வந்து நின்றார். ஆசிரியர் அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பேரனுக்காக ஒரு தாளில் தமிழில் எழுதி, புரொஜெக்டரின் அடியில் ஒட்டி வைத்துக்கொண்டார்.